இதயச் சுவர் 14 மி.மீ.: பயப்படணுமா, வேண்டாமா?

போன வருஷம் எங்க ஹாஸ்டல் ரூம்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் ரூம்மேட் கபடி ஆட்டக்காரன். ஊர் ஒரத்தநாடு பக்கம். பொங்கல் வந்துட்டா அவனை ரூம்ல பார்க்க முடியாது. டெல்டாவுல எந்த ஊர்ல டோர்னமென்ட் நடந்தாலும் அங்க இருப்பான். கல்லூரி அணிக்கு மெடிக்கல் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கேட்டாங்க. அதுக்காக எடுத்த இ.சி.ஜி.யில கோடுகள் கொஞ்சம் உயரமா இருக்குன்னு சொல்லி, ஒரு ஸ்கேன் சென்டருக்கு எக்கோ எடுக்க அனுப்பினாங்க. சாயந்திரம் அவன் கொண்டு வந்த ரிப்போர்ட் இதுதான்:

```
IVSd    14 mm
LVPWd   11 mm
LVIDd   56 mm
LVEF    64 %
Septal hypertrophy. ? HCM  ? Athlete's heart
```

"மச்சான், ரெண்டு கேள்விக்குறி போட்டிருக்காங்க. இதுல எது நான்?"னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல. ஆனா அவன் அடுத்து சொன்னதுதான் என்னைத் தூங்க விடல. அவனோட சித்தப்பா 34 வயசுல, அறுப்பு நேரத்துல களத்துமேட்டுலயே சுருண்டு விழுந்து போயிட்டாராம். "வெயில் தாங்கல"ன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. உடற்கூறாய்வு எதுவும் செய்யல.

அந்த ரெண்டு கேள்விக்குறிக்கும் நடுவுல என்ன வித்தியாசம், டாக்டர்கள் அதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறாங்க, அதுல எங்க தப்பு நடக்கும்னு நான் புரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன்.

ரிப்போர்ட்டை முதல்ல படிப்போம்

இதயத்துக்கு நாலு அறை. அதுல உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளுறது இடது கீழறை. அந்த அறைக்கும் வலது கீழறைக்கும் பொதுவா நடுவுல நிக்கிற சுவர்தான் IVS, அதாவது இடைச்சுவர். LVPW என்பது எதிர்ப்பக்கத்துப் பின்சுவர். LVID என்பது ரெண்டு சுவருக்கும் இடையில இருக்கிற அறையோட அகலம். ஒவ்வொண்ணுக்கும் கடைசியில வர்ற d என்பது, இதயம் முழுசா விரிஞ்சு ரத்தத்தால நிறைஞ்சிருக்கிற நொடியில அளந்ததுன்னு அர்த்தம். LVEF என்பது ஒரு துடிப்புல அறையில இருந்த ரத்தத்துல எத்தனை சதவீதம் வெளியே போகுதுங்கிற கணக்கு.

சாதாரணமா ஒரு ஆணுக்கு இந்தச் சுவர் 10, 11 மி.மீ.க்குள்ள இருக்கும். ரத்த அழுத்தம், வால்வு அடைப்பு மாதிரி வேற காரணம் இல்லாம எங்கயாவது ஒரு இடத்துல 15 மி.மீ. அல்லது அதுக்கு மேல போனா, அதை ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதின்னு எடுத்துக்கிறாங்க. சுருக்கமா எச்.சி.எம். இது பெரும்பாலும் பரம்பரையா வர்ற இதயத் தசை நோய். பல நாட்டு ஆய்வுகள் 500 பேர்ல ஒருத்தருக்கு இருக்குன்னு சொல்லுது. அதே குடும்பத்துல ஒருத்தருக்கு இந்த நோய் உறுதியாகியிருந்தா, அவரோட அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க, பிள்ளைகளுக்கு 13 மி.மீ. இருந்தாலே சந்தேகப்படணும்.

2003-ல பிரான்ஸின் லியோன் நகரத்துல கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி நடந்துக்கிட்டிருந்தப்போ, கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ மைதானத்துலயே விழுந்து இறந்தார். உடற்கூறாய்வுல தெரிஞ்சது இந்த நோய்தான். அதுவரைக்கும் அவர் உலகத்தரமான ஆட்டக்காரர். அதனால, "நல்லா ஆடுறானே, அவனுக்கு என்ன?"ங்கிறது பதில் ஆகாது.

ஆனா பயிற்சி செய்யுற இதயமும் தடிக்கும்ங்கிறதும் உண்மை. எவ்வளவு தடிக்கும்? இத்தாலியில அன்டோனியோ பெலிச்சா குழுவினர் 947 உயர்மட்ட விளையாட்டு வீரர்களுக்கு எக்கோ எடுத்து, 1991-ல முடிவை வெளியிட்டாங்க. 13 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருந்தவங்க வெறும் 16 பேர். அதுல 15 பேர் படகு வலிக்கிறவங்க, ஒருத்தர் சைக்கிள் வீரர். அதிகபட்சமே 16 மி.மீ.தான். பின்னாடி 600 வீராங்கனைகளைப் பார்த்தப்போ ஒருத்தர்கூட 12 மி.மீ.யைத் தாண்டல.

அதாவது 13-ல இருந்து 15 வரைக்கும் ஒரு சாம்பல் நிறப் பகுதி. ரெண்டு தரப்பும் அங்க வந்து நிக்கும். என் ரூம்மேட் 14-ல நின்னான்.

தடிமன் மட்டும் பார்த்தா ஏமாந்துருவோம்

இந்த இடத்துல நம்ம பாடம் உதவுது. பிரஷர் வெசல் படிச்சிருப்பீங்க. உள்ள அழுத்தம் P, ஆரம் r, சுவர் தடிமன் h இருக்கிற ஒரு கோளத்தோட சுவர்ல வர்ற இழுவிசைத் தகைவு:

σ = P·r / 2h

இதயத்துக்கும் இதே லாப்லாஸ் விதியை வச்சுத்தான் விளக்கம் சொல்றாங்க. இதயம் முழுமையான கோளம் இல்ல, சுவரும் மெல்லிசு இல்ல. ஆனா போக்கைப் புரிஞ்சுக்க இது போதும்.

பயிற்சி செய்யும்போது ஒரு நிமிஷத்துக்கு 5 லிட்டர் பம்ப் பண்ற இதயம் 20 லிட்டர் வரைக்கும் பம்ப் பண்ண வேண்டியிருக்கு. அதுக்காக அறை பெருசாகும், r கூடும். r கூடினா தகைவு கூடும். அதைச் சமாளிக்க h-உம் கூடும். ரெண்டும் சேர்ந்து வளரும்போது தகைவு கிட்டத்தட்ட பழைய அளவுலயே நிக்கும். கபடியில நாலு பேர் பிடிக்கும்போது மூச்சை அடக்கித் திமிர்ற மாதிரி ஆட்டத்துல P-உம் கூடும். அதுவும் சுவரைக் கொஞ்சம் தடிக்க வைக்கும்.

நம்ம ஊர் வாய்க்காலை நினைச்சுக்கோங்க. தண்ணி அதிகமா விடப்போறாங்கன்னா வாய்க்காலை அகலப்படுத்தி, அதுக்கேத்த மாதிரி கரையையும் பலப்படுத்துவாங்க. அது வீரரோட இதயம். இன்னொரு வகை, தண்ணி அதிகம் வராமலேயே கரை உள்பக்கமா சரிஞ்சு தூர்ந்துபோற வாய்க்கால். கரை தடிமனாத்தான் தெரியும், ஆனா தண்ணி போற இடம் குறுகிடும். அது எச்.சி.எம்.

அதனால ரிப்போர்ட்ல IVSd-ஐ மட்டும் பார்க்காம LVIDd-ஐயும் பாருங்க. பெலிச்சா ஆய்வுல சுவர் தடிச்ச அத்தனை பேருக்கும் அறை 55 மி.மீ. அல்லது அதுக்கு மேல விரிஞ்சிருந்தது. எச்.சி.எம்.ல பெரும்பாலும் 45-க்குக் கீழ இருக்கும். சுவர் தடிமனா, அறையும் பெருசா இருந்தா அது உழைப்பைக் காட்டுது. சுவர் தடிமனா, அறை சின்னதா இருந்தா கவனிக்கணும்.

ரூம்மேட்டுக்கு 56. கொஞ்சம் மூச்சு விட்டோம்.

12 எப்படி 14 ஆச்சு?

அவனை ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த இதய மருத்துவர் பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, "தம்பி, நம்பரை விட்டுடு, முதல்ல படத்தைப் பார்ப்போம்"னு சொல்லி அவரே திரும்ப எடுத்தார். இந்தத் தடவை இடைச்சுவர் 12 மி.மீ.

ரெண்டு வாரத்துல சுவர் 2 மி.மீ. சுருங்கல. முதல் தடவை சுவரைச் சாய்வா வெட்டி அளந்திருக்காங்க. கேரட்டை நேரா வெட்டினா வட்டம், சாய்வா வெட்டினா நீள்வட்டம் வருமே, அதே கதை. உண்மையான தடிமன் h, அளவுகோடு θ கோணம் சாய்ஞ்சிருந்தா நமக்குக் கிடைக்கிறது h / cos θ. 12 மி.மீ. சுவரை 31 டிகிரி சாய்வா அளந்தா:

12 / cos 31° = 12 / 0.857 = 14.0

ஒரு கோணம் ஒரு பையனைச் சாம்பல் நிறப் பகுதிக்குள்ள தள்ளிடுச்சு. இன்னொரு பொதுவான தப்பும் இருக்கு. வலது கீழறையில சுவரோட ஒட்டி ஓடுற ஒரு தசைக்கட்டையும் சேர்த்து இடைச்சுவர்னு அளந்துடுறது. அதுல சில மில்லிமீட்டர் சும்மாவே ஏறிடும். அப்புறம், இதயம் சுருங்குற நொடியில அளந்தாலும் சுவர் இயல்பாவே தடிமனாத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான். சுவரை நீளவாக்குல மட்டும் பார்க்காம, குறுக்குவெட்டுல டோனட் மாதிரி தெரியுற படத்துலயும் அளக்கணும். ரெண்டும் ஒத்துப்போகணும். குறுக்குவெட்டுல அறை வட்டமா இல்லாம முட்டை மாதிரி தெரிஞ்சா, புரோப் சாய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். 3 மெகாஹெர்ட்ஸ் ஒலி நம்ம திசுக்குள்ள நொடிக்கு 1540 மீட்டர் வேகத்துல போகுது. கணக்குப் போட்டா அலைநீளம் அரை மி.மீ. வரும். கருவி எவ்வளவு நல்லா இருந்தாலும் 1 மி.மீ. முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும். ஒரே ஒரு மி.மீ. வித்தியாசத்தை வச்சு யாரோட ஆட்டத்தையும் நிறுத்தக்கூடாது, யாரையும் அனுப்பவும் கூடாது.

அப்பாவோட எக்கோ

கதை இங்க முடிஞ்சிருக்கணும். ஆனா டாக்டர் "வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"னு கேட்டார். அவன் சித்தப்பாவைப் பத்திச் சொன்னான். உடனே அவர், "அப்பாவை ஒரு தடவை கூட்டிட்டு வா"ன்னு சொன்னார்.

அப்பாவுக்கு வயசு 48. இன்னமும் நாத்துக்கட்டு தூக்குறவர். "எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்லிக்கிட்டேதான் வந்தார். வரப்புல சுமையோட ஏறும்போது மூச்சு வாங்குறது உண்டு. அது வயசுன்னு நினைச்சிருக்கார். ரத்த அழுத்தம் இயல்பு. வால்விலயும் அடைப்பு இல்ல. அவரோட ரிப்போர்ட்:

```
IVSd    18 mm
LVPWd   10 mm
LVIDd   41 mm
e'       5 cm/s
```

மகனையும் அப்பாவையும் பக்கத்துல வச்சு r/h போட்டுப் பாருங்க. சாதாரண ஆளுக்கு அறை 48, சுவர் 9 மி.மீ.னு வச்சா 24/9, அதாவது 2.7. மகனுக்கு 28/12, அதாவது 2.3. பக்கத்துலதான் இருக்கான். அப்பாவுக்கு இடைச்சுவர்ல 20.5/18, வெறும் 1.1. எந்தப் பாரமும் கேட்காத அளவுக்குச் சுவர் கட்டப்பட்டிருக்கு. அதுவும் ஒரு பக்கம் மட்டும். இடைச்சுவர் 18, எதிர்ச்சுவர் 10. பயிற்சி ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுத்து இப்படி வளர்க்காது. 1958-ல லண்டன் நோய்க்குறியியலாளர் டொனால்ட் டியர் இந்த நோயை எட்டுப் பேர்கிட்ட விவரிச்சப்போ, தலைப்புலயே எழுதினது இந்த ஒருபக்க வளர்ச்சியைத்தான்.

அடுத்து அந்த e'. இது சுவர் எவ்வளவு வேகமா தளர்ந்து விரியுதுங்கிற அளவு. திசு டாப்ளர்னு ஒரு முறையில எடுக்கிறாங்க. மகனுக்கு நொடிக்கு 14 செ.மீ., அப்பாவுக்கு 5. வயசானா இது குறையும்தான், ஆனா 48 வயசுக்கு 5 ரொம்பக் கம்மி. காரணம் தசையோட அமைப்பு. வீரரோட தசைநார்கள் வரிசை நடவு மாதிரி ஒழுங்கா இருக்கும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் பருத்திருக்கும், அவ்வளவுதான். எச்.சி.எம்.ல நார்கள் உதறிப்போட்ட வைக்கோல் மாதிரி குறுக்கும் நெடுக்குமா கிடக்கும், நடுவுல தழும்பும் சேரும். அப்படிப்பட்ட சுவர் நல்லாச் சுருங்கும், LVEF அழகா 65 காட்டும். ஆனா தளர்றதுக்குச் சிரமப்படும். அதனால "பம்பிங் நார்மல்"ங்கிற வார்த்தையை மட்டும் படிச்சுட்டு ரிப்போர்ட்டை மடிச்சு வச்சுடாதீங்க. துடிப்போட மின்னோட்டம் அந்த வைக்கோல்ல சிக்கிச் சுழலும்போதுதான் உயிருக்கு ஆபத்தான தாளக்கோளாறு வருது.

கடைசியா டாக்டர் அப்பாகிட்ட, "ஐயா, மூச்சைப் பிடிச்சு நல்லா முக்குங்க"ன்னார். அதுவரைக்கும் இடது கீழறையை விட்டு ரத்தம் வெளியேறுற வேகம் நொடிக்கு 2 மீட்டர். முக்கினதும் 3.5 மீட்டர். பெர்னூலியை இங்க 4v²-னு சுருக்கிப் போடுறாங்க. விடை மெர்க்குரி மி.மீ.ல வரும். முதல்ல 4 × 4 = 16. முக்கினப்போ 4 × 12.25 = 49. இது 30-ஐத் தொட்டாலே வாசல்ல அடைப்பு இருக்குன்னு அர்த்தம். தடிச்ச இடைச்சுவரும், அதுக்கு எதிர்ல உள்ள மைட்ரல் வால்வோட இதழும் ஒண்ணையொண்ணு நெருங்கி வாசலை மறைக்குது. அறைக்குள்ள ரத்தம் குறையக் குறைய இந்த மறைப்பு கூடும். முக்கும்போது இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையுது. வெயில்ல வேர்த்து, தண்ணி குடிக்காம நின்னாலும் குறையும்.

அதைக் கேட்டப்போ எங்க மூணு பேருக்கும் ஒரே நேரத்துல களத்துமேடுதான் ஞாபகம் வந்துச்சு. சித்தப்பாவுக்கு இதுதான்னு யாராலும் இனிமே நிரூபிக்க முடியாது. ஆனா "வெயில் தாங்கல"ங்கிறதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கலாம்.

அப்போ மகனுக்கு?

இந்த நோய் பெரும்பாலும் பெற்றோர்ல ஒருத்தர்கிட்ட இருந்து பிள்ளைக்கு 50 சதவீத வாய்ப்புல வருது. மகனோட 12 மி.மீ. உழைப்பால வந்ததா, இல்ல நோயோட தொடக்கமா? சாதாரணக் குடும்பத்துல இந்தக் கேள்வியே வராது. இந்தக் குடும்பத்துல வரும்.

அதுக்கு ஒரு எளிமையான சோதனை இருக்கு: ஓய்வு. மூணு மாசம் பயிற்சியை முழுசா நிறுத்தினா, பயிற்சியால தடிச்ச சுவர் இறங்கும். நோயால தடிச்சது இறங்காது. எளிமைன்னு சொல்லிட்டேன். கபடிக்காரனுக்கு அந்த மூணு மாசம் எப்படிப் போச்சுன்னு பக்கத்துக் கட்டில்ல இருந்து பார்த்தவன் நான். மூணு மாசம் கழிச்சு எடுத்த எக்கோவுல, அதே டாக்டர், அதே கோணத்துல அளந்தப்போ சுவர் 10 மி.மீ., அறை 53.

இறங்கிடுச்சு. ஆனா இதை வச்சு "உனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு டாக்டர் சொல்லல. மரபணு வந்திருந்தும் சுவர் பல வருஷம் கழிச்சுத் தடிக்கிறது உண்டு. எக்கோ இன்னைக்கு எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.

இதுல தமிழ்நாட்டுக்கு ஒரு தனிக் கதை இருக்கு. MYBPC3-னு ஒரு மரபணு, தசையைச் சுருங்க வைக்கிற ஒரு புரதத்துக்கானது. அதுல 25 எழுத்துகள் காணாமப்போன ஒரு வடிவம் இந்தியக் குடும்பங்கள்ல இருக்குன்னு முதல்ல தெரிய வந்துச்சு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல ஆய்வு செஞ்ச பெருந்துறை தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் குமாரசாமி தங்கராஜும் மற்றவங்களும் சேர்ந்து 2009-ல நேச்சர் ஜெனிட்டிக்ஸ் இதழ்ல இதைப் பத்தி எழுதினாங்க. தெற்காசிய மக்கள்ல சுமார் 4 சதவீதம் பேர்கிட்ட இது இருக்கு. 25 பேர்ல ஒருத்தர்! ஆனா 4 சதவீதம் பேருக்கு இதயம் தடிக்கலையே? 2020-ல வந்த மறு ஆய்வு இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துச்சு. அந்த 25 எழுத்துக் குறைபாடு தனியா இருந்தா எச்.சி.எம். வர்றதுக்குப் பெரிய காரணம் இல்ல. அதைச் சுமக்கிறவங்கள்ல சிலருக்கு, அதே மரபணுவுல கூடவே பயணம் செய்யுற இன்னொரு மாற்றம்தான் பெரும்பாலும் குற்றவாளி. அதனால எங்கயாவது டெஸ்ட் எடுத்து "25 எழுத்து இல்ல"ன்னு வந்தா உடனே அழ வேண்டாம். முதல்ல நோய் உறுதியான ஆளுக்கு, அதாவது அப்பாவுக்கு, டெஸ்ட் எடுக்கணும். அவர்கிட்ட நோய்க்குக் காரணமான மாற்றம் எதுன்னு தெரிஞ்சா, அதை மட்டும் மகன்கிட்ட தேடணும். அது மகன்கிட்ட இல்லைன்னா அவன் விடுதலை. இருந்தா, எக்கோ நல்லா இருந்தாலும் அடிக்கடி பார்த்துக்கிட்டே இருக்கணும்.

அப்பாவோட ரத்த மாதிரி போயிருக்கு. ரிசல்ட் இன்னும் வரல. அவர் இப்போ துடிப்பை நிதானப்படுத்துற மாத்திரை சாப்பிடுறார். வயலுக்குப் போறார், ஆனா உச்சி வெயில்ல இல்ல, தண்ணி பாட்டில் இல்லாமயும் இல்ல. இந்த நோயோட முழு ஆயுசு வாழ்றவங்கதான் அதிகம். தாளக்கோளாறு ஆபத்து அதிகம்னு தெரிஞ்சவங்களுக்கு நெஞ்சுக்குள்ள வைக்கிற டீஃபிப்ரிலேட்டர் கருவி இருக்கு. ஆட்டம் பத்தியும் முன்ன மாதிரி எல்லாருக்கும் ஒரே தடை இல்ல. இந்த நோயில அனுபவம் உள்ள மருத்துவரோட உட்கார்ந்து, ஆபத்தை எடை போட்டு முடிவு பண்ணலாம்னு இப்போ சொல்றாங்க. ரூம்மேட் அந்த முடிவை ரிசல்ட் வந்ததும் எடுப்பான்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது, "நம்ம வீட்ல யாராவது நாப்பது வயசுக்குள்ள திடீர்னு இறந்தாங்களா? எப்படி?"ன்னு கேளுங்க. "வெயில் தாங்கல", "காத்து கருப்பு அடிச்சிருச்சு", "கிணத்துல நீந்தும்போது போயிட்டான்", இப்படி ஏதாவது பதில் வந்தா குறிச்சு வச்சுக்கோங்க. அதோட, ஓடும்போதோ ஆடும்போதோ நீங்க மயங்கி விழுந்திருந்தா, அதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. எக்கோ ரூம்ல ஜெல் தடவுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டையும் சொல்லிடுங்க. எங்க ரூம்மேட் விஷயத்துல, புரோப் பார்க்காததை அந்த ஒரு கேள்விதான் பார்த்துச்சு.